ஏற்காட்டு வீட்டு மர அலமாரியில் பூஞ்சை வாடை: இரண்டு முறை துவைத்தும் திரும்ப வருகிறது

நாகலூர்_மருமகள்
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது சேலம் அஸ்தம்பட்டியில். மாமனார் கட்டிய வீடு ஏற்காட்டில், நாகலூர் போகும் பக்கம் இருக்கிறது. ஜூலையில் பூட்டிவிட்டு வந்தோம், பிள்ளைகள் பரீட்சை, அப்புறம் மழை என்று தள்ளிப்போய் அக்டோபர் கடைசியில்தான் போய்த் திறந்தோம். படுக்கையறையில் உள்ள மர அலமாரியைத் திறந்ததும் குப்பென்று ஒரு மக்கிய வாடை. அத்தையின் இரண்டு பட்டுப்புடவை, பத்துப் பன்னிரண்டு நூல் புடவை, கம்பளிச் சால்வைகள், போர்வைகள், எல்லாவற்றிலும் அதே வாடைதான். கறுப்புச் சால்வை மேல் சாம்பல் தூவியதுபோல வெள்ளையாகப் பூத்திருந்தது. நூல் துணி, போர்வை எல்லாம் துவைத்துக் காயவைத்து, அலமாரியைத் துடைத்து, இருபது அந்துருண்டை போட்டு அடுக்கினேன். பத்தே நாள். திரும்பவும் அதே வாடை, இப்போது அந்துருண்டை வாடையும் சேர்ந்துகொண்டது. மறுபடி துவைத்தேன், மறுபடி வந்துவிட்டது. பட்டுப்புடவையை மட்டும் பயத்தில் தொடவே இல்லை. அத்தை போன வருடம்தான் தவறினார்கள், அந்தப் புடவைகள் கெட்டுப்போகக் கூடாது. என்னதான் செய்வது?

சூரமங்கலம்_குமார்
சிஸ்டர், துணி சரியாகக் காயவில்லை, அவ்வளவுதான் விஷயம். சேலம் மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு எடுத்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி வையுங்கள். காற்றே போகாது, பூஞ்சையும் வராது. அலமாரிக்குள் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தால் எல்லாம் செத்துப்போகும். கூடவே கொஞ்சம் கற்பூரம் வையுங்கள், வாடை நின்றுவிடும்.

கீர்த்தி_அம்மாபாளையம்
எனக்கும் இதே பிரச்சனைதான், வாஷிங் மெஷினில் இருந்து எடுக்கும்போதே துண்டு நாறுகிறது. மெஷினுக்குள் ரப்பர் வளையத்தில் கறுப்பாக இருக்கிறது. அதற்கு என்ன போட வேண்டும்?

சில்வர்ஓக்
கீர்த்தி, உங்களுடையது வேறு. ரப்பர் மடிப்பைத் துடைத்து, துணியே போடாமல் மெஷினைச் சூடான தண்ணீரில் ஒரு முறை ஓடவிட்டு, துவைக்காத நேரத்தில் கதவைத் திறந்தே வையுங்கள். துவைத்த துணியை மெஷினுக்குள் மணிக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

நாகலூர்ம்மா, நான் ஏற்காட்டில் எஸ்டேட் பங்களாக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் 30 வருடத்துக்கு மேல் இருந்தவன். நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி 'பத்தே நாள்' என்பதுதான். துவைத்த துணியில் பத்து நாளில் வாடை திரும்புகிறது என்றால், அது துணியிலிருந்து வருவதைவிட அலமாரியிலிருந்து அல்லது அதற்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். முதலில் அதைக் கண்டுபிடியுங்கள், அதுவரை மூன்றாவது தடவை துவைக்க வேண்டாம்.

கண்டுபிடிப்பது சுலபம். அலமாரியைக் காலி செய்து, நன்றாகத் துவைத்து இஸ்திரி போட்டு ஆறவைத்த ஒரு கைக்குட்டையை உள்ளே விரித்து வைத்து மூடுங்கள். இன்னொரு கைக்குட்டையை, வாடை வந்த ஒரு புடவையோடு சேர்த்து, கழுவிக் காயவைத்த எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுங்கள். இரண்டு நாள் கழித்து வெளியே போய், நல்ல காற்றில் நின்று முகர்ந்து பாருங்கள். அறைக்குள்ளேயே முகர்ந்தால் எதுவும் தெரியாது, நம் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும். எந்தக் கைக்குட்டையில் வாடை ஏறியிருக்கிறதோ அங்கேதான் பிரச்சனை.

ஒரு கேள்வி. அலமாரி எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது? அந்தச் சுவருக்கு வெளியே என்ன இருக்கிறது?

நாகலூர்_மருமகள்
சார், வடக்குச் சுவரோடு ஒட்டித்தான் நிற்கிறது, ஒரு விரல்கூட நுழையாது. வெளியே மலையை வெட்டிய மண் சரிவு, நடுவில் மூன்றடி சந்து, அங்கே வெயிலே விழாது. வெள்ளிக்கிழமை மேலே போகிறோம், நீங்கள் சொன்ன கைக்குட்டை விஷயத்தைச் செய்து பார்க்கிறேன்.

சில்வர்ஓக்
எதிர்பார்த்தேன். போகும்போது தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டும் நல்ல டேப்பும் எடுத்துப் போங்கள். நாலு பேர் பிடித்து அலமாரியை நகர்த்தி, பின்சுவரில் ஒரு அடிக்கு ஒரு அடி ஷீட்டை நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். ஒன்றைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், இன்னொன்றை நெஞ்சு உயரத்தில். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்து கோத்திருந்தால் சுவரே ஈரத்தைக் கக்குகிறது என்று பொருள். ஷீட்டின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால், அறைக் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த சுவரில் வியர்க்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

குமார் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. சேலம் வெயிலில் காயவைக்கச் சொன்னது சரி, நூல் துணிக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் பிளாஸ்டிக் கவர் வேண்டாம். மலையில் கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் துணியிலும் ஈரம் இருக்கும், அதைக் கவருக்குள் போட்டு ஒட்டினால் அந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே பூக்கும். கற்பூரமும் அந்துருண்டையும் பூச்சிக்கு, பூஞ்சைக்கு அல்ல. வாடையை மூடி மறைக்கும், பூஞ்சை அடியில் அப்படியே வளரும்.

அம்மாபேட்டை_தறி
அக்கா, நாங்கள் தறிக்குடும்பம், மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்கிறோம். பட்டுப்புடவையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். தயவுசெய்து அதைத் தண்ணீரில் நனைத்துவிடாதீர்கள், வெயிலிலும் போடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கரைசல் பட்டால் பட்டு இழை கரைந்தே போகும், அலமாரியில் அதைப் போட்டுத் துடைத்துவிட்டு மேலே பட்டை வைப்பதுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

செய்ய வேண்டியது இது. காற்றோட்டமான நிழலில், வீட்டுக்கு வெளியே, புடவையை முழுசாகப் பிரித்துக் கொடியில் போடுங்கள், கொடி மேல் முதலில் ஒரு பழைய வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பூப்பு இருந்தால் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியால் ஒரே திசையில் லேசாகத் தட்டித் துடையுங்கள், தேய்க்காதீர்கள். துடைத்த துணியைத் தனியாக வையுங்கள், அதில் ஒட்டியிருப்பது அடுத்த புடவைக்குப் போகும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். தினமும் பக்கம் மாற்றிப் போட்டு மூன்று நாலு நாள் விட்டால் வாடை பெரும்பாலும் போய்விடும். துடைத்தும் போகாத மஞ்சள் அல்லது கறுப்புப் புள்ளி இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், பட்டுக்குப் பழக்கமான டிரை கிளீனிங் கடையில் 'இது பூஞ்சைக் கறை' என்று சொல்லிக் கொடுங்கள். புள்ளி முழுசாகப் போகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, பூஞ்சை சாயத்தைத் தின்றிருந்தால் அந்த இடம் அப்படியேதான் இருக்கும்.

வினிகர் பற்றி யாராவது சொல்வார்கள் என்று தெரியும். ஜரிகையில் அது பட வேண்டாம், நிறம் மங்கும்.

இன்னொன்று. நூல் புடவைகளில் கஞ்சி போட்டிருந்தீர்களா?

நாகலூர்_மருமகள்
ஆமாம் தம்பி, அத்தைக்குக் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தால்தான் பிடிக்கும். இரண்டு தடவை துவைத்தபோதும் கடைசியில் நானும் அப்படியே கஞ்சி போட்டுத்தான் வைத்தேன்.

அம்மாபேட்டை_தறி
அதுதான் அக்கா. கஞ்சி என்பது சாதம், பூஞ்சைக்கு அது சாப்பாடு. எடுத்துவைக்கும் துணிக்குக் கஞ்சி போடவே கூடாது, கட்டுவதற்கு முந்தின நாள் போட்டால் போதும். எங்கள் வீட்டிலேயே பாவுக்குக் கஞ்சி போட்ட நூல் மழை மாதத்தில் இரண்டு நாள் காயாமல் கிடந்தால் வாடை வந்துவிடும்.

பகோடா_வீட்டுக்காரி
எனக்கு ஒரு சந்தேகம் சில்வர்ஓக் சார். எல்லாரும் காற்றோட்டம் வேண்டும், ஜன்னலைத் திற என்கிறார்கள். இங்கே நவம்பரில் ஜன்னலைத் திறந்தால் மஞ்சு அப்படியே அறைக்குள் வந்து கட்டில் மேல் உட்காரும். அதுவும் ஈரம்தானே?

சில்வர்ஓக்
பூட்டியே கிடந்த வீட்டைப் பொறுத்தவரை நான் செய்தது: பகல் 11 மணிக்கு மேல், மஞ்சு விலகி வெளிச்சம் வந்ததும் ஜன்னலும் அலமாரிக் கதவும் சேர்த்துத் திறப்பது, 3 மணி, மிஞ்சினால் 4 மணிக்கு மூடிவிடுவது. காலையிலும் சாயங்காலமும் திறப்பதில்லை. ஒரு ஈரப்பத மானி வாங்கி அலமாரிக்குள் வையுங்கள், உள்ளங்கை அளவுதான் இருக்கும். 60க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை வரும்.

பகோடா_வீட்டுக்காரி
நாங்கள் வருடம் முழுக்க இங்கேயே இருக்கிறோம். சமையல், வெந்நீர், நாலு பேர் மூச்சு, எல்லாம் சேர்ந்து மூடி வைத்தால்தான் கண்ணாடி வியர்க்கிறது. மஞ்சு நேரத்திலும் ஒரு கை அகலம் திறந்து வைத்தால் வியர்ப்பது நிற்கிறது. அதனால் நீங்கள் சொல்வதை நான் முழுசாக ஏற்கவில்லை.

சில்வர்ஓக்
உங்கள் வீட்டில் உள்ளே வெளியைவிடச் சூடு. வெளியே இருந்து வரும் குளிர்ந்த காற்று உள்ளே வந்து சூடாகும்போது அதன் ஈரப்பதம் குறையும், அதனால் உங்களுக்கு அது வேலை செய்கிறது. பூட்டிய வீட்டில் சுவர் வெளியைவிடக் குளிர்ந்து கிடக்கும், அங்கே அது நடக்காது. ஆனால் வாரக்கணக்கில் வெயிலே வராத புயல் மழை நேரத்தில் எது சரி என்று என்னாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. மானியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாகலூர்_மருமகள்
மேலே போய்விட்டு வந்தேன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். காலி அலமாரிக்குள் வைத்த கைக்குட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் காப்பிச் செடிகள் பக்கம் போய் முகர்ந்தேன், அதே வாடை, சந்தேகமே இல்லை. டப்பாவில் புடவையோடு வைத்ததில் லேசாகத்தான் இருந்தது. அலமாரியை நகர்த்தினால், முதுகுப் பலகை மட்டும் பிளைவுட், மற்றதெல்லாம் நல்ல மரம். அந்தப் பிளைவுட்டின் சுவர்ப் பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி, கீழே ஒரு முழம் உயரத்துக்கு உப்பிப்போய்த் தோல் தோலாக உரிகிறது. நான் இத்தனை நாளும் உள்பக்கம்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஷீட்டில் இரண்டு விதமாகவும் வந்தது சார். நெஞ்சு உயரத்தில் ஒட்டியதில் வெளிப்பக்கம் கை வைத்தால் ஈரம், உள்பக்கம் காய்ந்திருந்தது. தரைப் பக்கம் ஒட்டியதில் உள்ளே நீர் முத்து. மானி அலமாரிக்குள் 84 காட்டியது, 19 டிகிரி.

சில்வர்ஓக்
அப்படியானால் இரண்டு நோய். மேல்பாதிக்கு வைத்தியம் சுலபம். துணி நிறைந்த அலமாரி குளிர்ச் சுவரோடு ஒட்டி நின்றால் அறையின் சூடு அந்தச் சுவருக்கு எட்டாது, காற்றும் நகராது, அதனால் அங்கே மட்டும் வியர்க்கும். உள்சுவர் பக்கம் மாற்றுங்கள். மாற்ற இடமில்லை என்றால் சுவரிலிருந்து குறைந்தது நாலு அங்குலம் தள்ளி, காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து நிறுத்துங்கள்.

கீழ்ப்பாதி ஓதம். அது மண் சரிவிலிருந்து வருகிறதா, சந்தில் தண்ணீர் தேங்கி வருகிறதா என்று வெளியே போய்த்தான் பார்க்க வேண்டும். மண் சுவர் மேல் ஏறி நிற்கிறதா பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் உள்ளே எந்தப் பெயிண்ட் அடித்தாலும் உரிந்துவிடும்.

முதுகுப் பலகையைக் காப்பாற்ற முயற்சி செய்ய வேண்டாம். உப்பிய பிளைவுட்டின் அடுக்குகளுக்கு நடுவில் பூஞ்சை இருக்கும், துணி போட்டு எட்ட முடியாது. ஆசாரியிடம் சொல்லிக் கழற்றி, புதுப் பலகையில் மேலும் கீழும் நாலைந்து துளை போட்டு அடிக்கச் சொல்லுங்கள். மற்ற மரத்தை முதலில் ஈரத் துணியால் துடையுங்கள், காய்ந்த துடைப்பத்தால் தட்டினால் தூள் வீடு முழுக்கப் பறக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கொஞ்சம், துணியை நன்றாகப் பிழிந்து துடைப்பது, அப்புறம் சோப்பில்லாத துணி, அப்புறம் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு தடவை துடைத்து விட்டுவிடுவது. மூன்று நாள் கதவைத் திறந்து, பேன் ஓடட்டும். வினிகர் தொட்ட இடத்தில் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் விஷவாயு வரும்.

சூரமங்கலம்_குமார்
பிளாஸ்டிக் கவர் விஷயத்தில் நான் சொன்னது தவறு என்று இப்போது புரிகிறது. எங்கள் வீட்டில் கவரில் வைத்த கோட் ஒன்று போன வருடம் பூத்துப்போனது, நான் கடையில் சரியாகச் சலவை செய்யவில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு கேள்வி, அந்தக் காலப் பங்களாவில் அலமாரிக்குள் பல்பு எரியும் என்று சொல்வார்களே, அது எதற்கு?

சில்வர்ஓக்
பழைய இழை பல்பு, 15 வாட். அடித்தட்டில் கம்பி வலைக்குள் வைத்து இரவு பகலாக எரியவிடுவோம். நாகலூர்ம்மா வீட்டில் 19 டிகிரியில் 84 இருக்கிறது அல்லவா, உள்ளே இருக்கும் ஈரம் அப்படியே இருக்க, காற்று 24 டிகிரிக்குச் சூடானால் போதும், மானி ஏறக்குறைய 63 காட்டும். அவ்வளவுதான் அதில் உள்ள சூட்சுமம். எல்இடி பல்புக்கு அந்தச் சூடு வராது. ஆனால் ஆள் இல்லாத வீட்டில் நான் இதைச் சொல்ல மாட்டேன், துணி சரிந்து பல்பு மேல் விழுந்தால் தீப்பிடிக்கும். நாங்கள் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆளில்லாத வீட்டில் சுட்ட சுண்ணாம்புக் கல் வைப்போம். தண்ணீர் ஊற்றாத கல், வாயகன்ற மண் சட்டியில் பாதிக்கு மேல் போகாமல், மேலே மெல்லிய துணி கட்டி அடித்தட்டில். ஈரத்தைக் குடிக்கக் குடிக்கக் கல் தூளாகி உப்பும், அதனால்தான் பாதி. ஒரு கிலோ கல் சுமார் 300 மில்லி தண்ணீரைத்தான் பிடிக்கும், தூளாகிவிட்டால் மாற்ற வேண்டும். கதவு இடுக்கில் காற்று போய்வரும் அலமாரியில் இது சீக்கிரமே தீர்ந்துவிடும். தண்ணீர் பட்டால் கொதிக்கும், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் அதில் சேரும் தண்ணீர் உப்புத் தண்ணீர், பட்டு மேல் கவிழ்ந்தால் போச்சு. எப்போதும் கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள் வையுங்கள்.

கீர்த்தி_அம்மாபாளையம்
மெஷின் சரியாகிவிட்டது, நன்றி சார். அந்துருண்டை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தங்கை குழந்தைக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறது, அந்துருண்டையோடு வைத்த துணியைக் குழந்தைக்குப் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், ரத்தச் சிவப்பணு உடையுமாம். பழைய பெட்டியில் இருந்து தொட்டில் துணி எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நாகலூர்_மருமகள்
மூன்று வாரம் கழித்து வருகிறேன். துணி எல்லாவற்றையும் கீழே கொண்டுவந்துவிட்டோம். நூல் புடவைகளை ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து, வெந்நீரில் சோப்புத் தூள் போட்டுத் துவைத்து, கஞ்சி இல்லாமல் மாடியில் காயவைத்தேன். இஸ்திரி போட்டதும் சூட்டோடு அடுக்காமல் ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். முந்தானை மடிப்பு, ஓரத் தையல், இந்த இடங்களைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தவற்றைத் திரும்பக் கொடியில் போட்டேன். வாடை இல்லை. கறுப்புச் சால்வை டிரை கிளீனிங் போய் வந்தது, முகர்ந்தால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

பட்டு இரண்டில் அரக்கு நிறப் புடவை சுத்தமாகிவிட்டது. மாம்பழ நிறத்தில் உள்தலைப்பில் மிளகு அளவில் மூன்று புள்ளி நிற்கிறது, அப்படியே விட்டுவிட்டேன். இரண்டையும் வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி அஸ்தம்பட்டி பீரோவில் வைத்திருக்கிறேன்.

மேலே புது முதுகுப் பலகை அடித்து, அலமாரியைக் கிழக்கு உள்சுவருக்கு மாற்றினோம். காலி அலமாரியில் கைக்குட்டை வைத்துப் பார்த்ததில் வாடை இல்லை, மானி பகலில் 68, காலையில் 75. சந்தில் பார்த்தால் மண் சரிந்து சுவர் மேல் இரண்டடி ஏறியிருக்கிறது. ஆள் வைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறோம், இந்த மழையில் வர மாட்டேன் என்கிறார்கள்.

சில்வர்ஓக்
75 இன்னும் அதிகம்தான். மண்ணை எடுக்கும்வரை அந்த அலமாரியில் போர்வை தவிர எதையும் வைக்க வேண்டாம். மண் எடுத்ததும் உடனே பூசிவிடாதீர்கள், ஒரு கோடை முழுக்கச் சுவர் காயட்டும், அப்புறம் உள்ளே சுண்ணாம்பு அடியுங்கள்.

அம்மாபேட்டை_தறி
அக்கா, அந்தப் பட்டை அடுத்த மாதம் ஒரு தடவை பிரித்து, மடிப்பு இடத்தை மாற்றி மடியுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கே முறியும். பிரிக்கும்போது அந்த மூன்று புள்ளியையும் பாருங்கள். பெரிதாகாமல் இருந்தால் பூஞ்சை இப்போது வளரவில்லை, நிற்பது கறைதான். பெரிதாகியிருந்தால் எழுதுங்கள், எங்கள் அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.